சேஃப்டி ஆபீசர் பதவிக்கு டிப்ளமோவா, குறுகிய கோர்ஸா?

கேள்வி: "ஐயா, மணலியில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் ஷிப்டு சூப்பர்வைசராக இருக்கிறேன். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்தவன், ஆறு ஆண்டு அனுபவம் உண்டு. சேஃப்டி ஆபீசர் ஆக ஓராண்டு டிப்ளமோ படிக்க வேண்டுமா, பிரிட்டனின் நெபோஷ், அமெரிக்காவின் ஓஷா மாதிரி குறுகிய பாதுகாப்புக் கோர்ஸ்கள் போதுமா?"

தம்பி, மணலி, எண்ணூர், காட்டுப்பள்ளி வட்டாரத்துத் தொழிற்சாலையில்தான் அந்த நாற்காலி வேண்டும் என்றால் டிப்ளமோ படியுங்கள். ஏனென்றால் அது சட்டம் கேட்கும் பதவி. யாரை நியமிக்கலாம் என்பதை முதலாளி தன் விருப்பப்படி முடிவு செய்ய முடியாது.

நம் மாநிலத்தில் தொழிற்சாலைச் சட்டத்தின் கீழ் நடைமுறையில் இருந்துவரும் தகுதி இதுதான்: பொறியியல் பட்டம் என்றால் தொழிற்சாலையில் மேற்பார்வைப் பொறுப்பில் 2 ஆண்டு அனுபவம், உங்களைப் போல் பொறியியல் டிப்ளமோ என்றால் 5 ஆண்டு. அதற்கு மேல், மாநில அரசு அங்கீகரித்த தொழிலகப் பாதுகாப்புப் பட்டமோ டிப்ளமோவோ வேண்டும். தொழிலாளர்கள் பேசும் மொழியும் தெரிந்திருக்க வேண்டும். கடைசி நிபந்தனை உங்களுக்குப் பிரச்சினையே இல்லை. இந்த வரிசையில் நெபோஷும் இல்லை, ஓஷா அட்டையும் இல்லை.

இன்னொன்றும் உங்களுக்குச் சாதகமாக இருக்கிறது. பழைய சட்டத்தில் பொதுவாக 1000 பேர் வேலை செய்யும் தொழிற்சாலைக்குத்தான் சேஃப்டி ஆபீசர் கட்டாயம். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதை 500 ஆக்கியிருக்கிறது. அபாயகரமான செய்முறை உள்ள ஆலைக்கு 250 பேர் போதும். ரசாயன ஆலைகள் நிறைந்த வடசென்னையில் இதன் பொருள் என்ன என்று உங்களுக்கே புரியும்.

இங்கேதான் நிறையப் பேர் பணத்தை இழக்கிறார்கள். 'ஃபயர் அண்ட் சேஃப்டி டிப்ளமோ' என்று போட்டிருக்கும் எல்லாச் சான்றிதழும் அந்த அங்கீகாரம் பெற்றவை அல்ல. சேருவதற்கு முன் அந்த நிறுவனத்திடம், இந்தப் படிப்பைப் பாதுகாப்பு அலுவலர் தகுதியாக ஏற்ற அரசாணையைக் காட்டச் சொல்லுங்கள். 'பல்கலைக்கழகம் தருகிறது', 'மத்திய அரசு பதிவு பெற்றது' என்று பேச்சை மாற்றினால் கட்டணம் கட்டாமல் எழுந்து வந்துவிடுங்கள். காட்டினாலும், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தில் ஒரு முறை விசாரித்துக்கொள்ளுங்கள். தரமணியில் மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிறுவனம் இருக்கிறது; முதலில் அங்கே உள்ள ஓராண்டுப் படிப்பைப் பற்றிக் கேட்டுவிட்டு மற்ற இடங்களைப் பாருங்கள்.

அடுத்து, அனுபவக் கடிதம். அதில் 'டெக்னீஷியன்' என்றோ 'ஊழியர்' என்றோ மட்டும் எழுதியிருந்தால் உங்கள் ஆறு ஆண்டும் கணக்கில் வராமல் போகலாம். எந்தத் தேதியிலிருந்து சூப்பர்வைசர், எந்தப் பிரிவு, எத்தனை பேரை மேற்பார்த்தீர்கள் என்பதெல்லாம் கடிதத்தில் இருக்க வேண்டும். முதல் இரண்டு ஆண்டு ஆபரேட்டராக இருந்து பிறகுதான் சூப்பர்வைசர் ஆனீர்கள் என்றால், மேற்பார்வை அனுபவம் நான்கு ஆண்டுதான். இன்னும் ஓராண்டு தேவை. அந்த ஓராண்டை வேலையை விடாமல் கழியுங்கள். ஒப்பந்ததாரர் மூலம் வேலை செய்கிறீர்கள் என்றால் எந்தத் தொழிற்சாலையில் வேலை என்பதும் கடிதத்தில் தெளிவாக வர வேண்டும்.

அப்படியானால் குறுகிய கோர்ஸ் வீணா? இல்லை. வளைகுடா வேலைக்கு நெபோஷ் கேட்கிறார்கள். அங்கே போக நினைத்தால் அதற்குச் செலவு செய்யலாம். ஓஷா 30 மணி நேர அட்டை வெறும் பயிற்சி அட்டை. அது தகுதிச் சான்றிதழ் அல்ல என்று அந்த அமெரிக்க அமைப்பே சொல்கிறது. உங்களுக்கு இன்றைக்கே உதவுவது அடைபட்ட இடங்களில் நுழைவது பற்றிய ஓரிரு நாள் பயிற்சி. தொட்டி கழுவ ஆள் இறக்கும் பர்மிட்டில் நீங்கள்தானே கையெழுத்துப் போடுகிறீர்கள்? மேன்ஹோல் வாயில் வாயு அளக்கும் மீட்டரைக் காட்டினால், வெளிக்காற்றில் இருப்பது போல ஆக்சிஜன் 20.9 சதவீதம் என்றுதான் காட்டும். ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கனமானது, அடியில் சேறு கிடக்கும் இடத்தில் தங்கிவிடும். அதனால் மீட்டரின் குழாயை இறக்கி மேல், நடு, அடி என மூன்று உயரத்திலும் அளக்க வேண்டும். எங்கேயாவது ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலோ, விஷ வாயு அலாரம் அடித்தாலோ ஆளை இறக்கக் கூடாது. கிளறும்போது சேற்றிலிருந்து மறுபடியும் வாயு வெளிவரும், ஆகவே வேலை நடக்கும்போதும் அளந்துகொண்டே இருக்க வேண்டும். மூன்று அளவும் ஒரே எண்ணாக எழுதிய பர்மிட்டைப் பார்த்தால், வாயிலேயே அளந்துவிட்டார்களோ என்று சந்தேகப்படுங்கள், உங்கள் கண் முன்னால் மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.

ஆக, அந்தப் பயிற்சிக்கு இப்போதே பெயர் கொடுங்கள். மனிதவளத் துறையில் அனுபவக் கடிதத்தின் வாசகத்தைக் கேட்டு வாங்குங்கள். மேற்பார்வை அனுபவம் ஐந்து ஆண்டு என்று அதில் தெளிவாக வந்தபிறகு டிப்ளமோ விண்ணப்பத்தைப் போடுங்கள். முழுநேர வகுப்பு என்றால், நிறுவனம் உங்களை அனுப்பி வைக்குமா, வேலையை விட்டுத்தான் போக வேண்டுமா என்பதை அதற்கு முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.