உழுகிற நாளில் ஊர்வழி போகலாமா?

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.

பள்ளிவாசல் தலைவர் அவர்களே, தலைமை தாங்கும் ஹஸ்ரத் அவர்களே, அழைத்ததும் மறுக்காமல் வந்திருக்கும் பிரதேச செயலாளர் ஐயா அவர்களே, பக்கத்து ஊர்த் தேவாலயத்திலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அருட்தந்தை அவர்களே, கிராம சேவகர் தம்பி அவர்களே, மாதர் சங்கத் தலைவி அவர்களே, கஞ்சிக்கு விறகு தந்த டிரக்டர் உரிமையாளர்களே! யாரையாவது விட்டிருந்தால் மன்னிக்க வேண்டும். போன கூட்டத்தில் ஒரு பெயரை விட்டதற்கு இன்னும் என்னோடு பேசாமல் ஒருவர் இருக்கிறார். அவரும் வந்திருக்கிறார், சந்தோஷம்.

மூன்று விஷயங்கள் பேசச் சொன்னார்கள். ஒன்று, கடைசிப் பத்தில் பள்ளியில் தங்கும் இஃதிகாஃப். இரண்டு, கியாமுல் லைல் தொழுகை. மூன்று, இதில் பெண்களுக்குள்ள இடம். அதற்கு முன் வன்னியில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பழமொழி: உழுகிற நாளில் ஊர்வழி போனால் அறுக்கிற நாளில் ஆள் தேவையில்லை. நோன்பின் உழுகிற நாள் கடைசிப் பத்துத்தான். அந்த நாள் வந்ததும் நாம் எங்கே போகிறோம்? புத்தளத்துக்கு!

சரி, அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் சட்டம்.

இருபதாம் நோன்பு அன்று சூரியன் மறையுமுன் பள்ளிக்குள் வந்துவிட வேண்டும். நமக்கு இரவுதான் முதலில், பகல் பிறகு. மஃரிபோடு 21ஆம் இரவு தொடங்கிவிடும். தராவீஹுக்குப் பாயோடு வந்து சேர்ந்தால் அந்த ஒற்றை இரவின் ஒரு துண்டு போய்விட்டது. வந்ததும் நிய்யத். பெருநாள் பிறை தெரியும்வரை, அல்லது முப்பது முடியும்வரை இருப்பு. நபி (ஸல்) அவர்கள் வஃபாத்தாகும்வரை ஆண்டுதோறும் கடைசிப் பத்தில் இப்படி இருந்தார்கள். கடைசி ஆண்டில் இருபது நாள் இருந்தார்கள்.

வெளியே போகலாமா என்பதுதான் எல்லோரும் கேட்பது. இதற்கு நம்ம பக்கத்துக் கதை ஒன்று இருக்கிறது.

ஒரு நானா, பெயர் வேண்டாம், பத்து நாள் இருக்கிறேன் என்று நிய்யத் வைத்து உட்கார்ந்தார். இரண்டாம் நாள் லுஹர் முடிந்ததும் மகன் ஓடி வருகிறான்: "வாப்பா, சிவலை மாடு அவிழ்த்துக்கொண்டு பக்கத்து வளவுப் பயறுக்குள்ள நிக்குது!" நானா எழும்பி ஜன்னலால் தலையை மட்டும் வெளியே போட்டு, "வடக்கால போ, கயிறு மாட்டுக் கொட்டில்ல, கம்பு எடுக்காத, அது முட்டும்" என்று கட்டளை போடுகிறார். உள்ளே இருந்த இளவட்டங்கள் பிடித்துக்கொண்டார்கள். "நானா, தலை வெளியே போயிட்டுது, இஃதிகாஃப் முறிஞ்சு போச்சு!" ஒருவன் முறிந்தது என்கிறான், இன்னொருவன் பாதி முறிந்தது என்கிறான். தூங்கிக்கொண்டிருந்த ஹஸ்ரத்தை எழுப்பினார்கள். அவர் சொன்னார்: நபியவர்கள் பள்ளிக்குள் இருந்தபடியே தலையை நீட்டிக் கொடுப்பார்கள், ஆயிஷா நாயகி தம் அறையில் இருந்தபடி தலை வாரி விடுவார்கள். தலை வெளியே போனால் ஒன்றும் ஆகாது, நானா தாராளமாகக் கத்தலாம்.

நானா கத்தினார். மாடு கேட்கவில்லை. பயறு வளவுக்காரர் பொல்லோடு வருவது ஜன்னலால் தெரிந்தது. அவ்வளவுதான், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நானா வாசலால் பாய்ந்தார். மாட்டைக் கட்டி, வளவுக்காரரோடு கதைத்து முடித்து, அப்படியே ஒரு பீடியும் வாங்கி... வேண்டாம், நோன்பு நாள், பீடி வாங்கவில்லை. அஸருக்குத் திரும்பி வந்து மூலையில் உட்கார்ந்தார். முகத்தில் ஈ ஆடவில்லை.

ஷாஃபிஈ மத்ஹபில் அவர் நிலை என்ன? மலசலம் கழிக்கப் போய்வந்தால் நிய்யத்தைப் புதுப்பிக்க வேண்டியதில்லை. மாட்டுக்காகப் போனது அந்த வகையில் சேராது. ஆகவே திரும்பி வந்ததும் புதிதாக நிய்யத் வைக்க வேண்டும். முன்னால் இருந்த நேரத்தின் நன்மை வீணாகவில்லை, அவர் நேர்ச்சை எதுவும் செய்திருக்கவில்லை என்பதால் கழாவும் இல்லை. தொடர்ந்து பத்து நாள் என்று நேர்ச்சை செய்திருந்தால்தான் சிக்கல், தொடர்ச்சி அறுந்து முதலிலிருந்து தொடங்க வேண்டி வரும். மாடு வளர்ப்பவர்கள் யோசித்து நேர்ச்சை செய்யுங்கள்.

எது பள்ளி, எது வளவு? இங்கேதான் மீள்குடியேறிய ஊர்களில் பிழை நடக்கிறது. குர்ஆன் 2:187ஆம் வசனம் இஃதிகாஃபைப் பள்ளிவாசல்களோடு சேர்த்துத்தான் சொல்கிறது. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, யுத்தம் முடிந்து திரும்பியபோது பல இடங்களில் ஒருவருடைய காணியில் தகரக் கொட்டில் போட்டுத் தொழுதோம். தொழுகை கூடும். ஆனால் பள்ளியாக வக்ஃபு செய்யப்படாத இடத்தில் இஃதிகாஃப் கூடாது. காணிச் சொந்தக்காரர் "பள்ளிக்காக வக்ஃபு செய்துவிட்டேன்" என்று சொல்லி, அதை எழுத்திலும் தர வேண்டும். ஹவ்ழும் கழிவறையும் கஞ்சிக் கொட்டிலும் பெரும்பாலும் வக்ஃபு எல்லைக்கு வெளியேதான் இருக்கும். நிர்வாகம் வாசலில் ஒரு கோடு போட்டுக் காட்டினால் பாதிக் கேள்வி குறைந்துவிடும்.

இரவுத் தொழுகைக்கு வருகிறேன். தராவீஹ் எட்டா இருபதா என்ற சண்டையை இன்று திறக்க மாட்டேன், கஞ்சி ஆறிவிடும். சிக்கல் வித்ரில். இஷாவுக்குப் பின் இமாமோடு வித்ரு தொழுதவர் இரண்டு மணிக்கு எழும்பி வருகிறார், அங்கேயும் கடைசியில் வித்ரு. ஓர் இரவில் இரண்டு வித்ரு இல்லை என்பது ஹதீஸ். முதலில் தொழுதவர் இரண்டிரண்டாகத் தொழுதுவிட்டு, ஜமாஅத் வித்ருக்கு நிற்கும்போது திக்ரில் இருந்தால் போதும். மீண்டும் வராத முதியவர்கள் தராவீஹோடு முடித்துக்கொள்ளட்டும். இமாமோடு கடைசிவரை நின்றவருக்கு இரவு முழுக்க நின்ற கூலி என்று ஹதீஸ் இருக்கிறது, கவலைப்பட வேண்டாம்.

அருட்தந்தை இருக்கும்போதே இதையும் சொல்கிறேன். இரவு இரண்டு மணிக்கு வெளி ஒலிபெருக்கி வேண்டாம். நபியவர்கள் இஃதிகாஃபில் இருந்தபோது சிலர் சத்தமாக ஓதினார்கள். திரையை விலக்கி, நீங்கள் ஒவ்வொருவரும் உங்கள் இறைவனோடு தனியாகப் பேசுகிறீர்கள், ஒருவருக்கொருவர் தொல்லை கொடுக்காதீர்கள் என்றார்கள். பள்ளிக்குள்ளேயே அப்படி என்றால் பக்கத்து ஊருக்கு எப்படி?

இனி என் பழைய பாட்டு. முசலிப் பக்கமும் சரி, தண்ணீரூற்று, நீராவிப்பிட்டியிலும் சரி, சாளம்பைக்குளத்திலும் சரி, திரும்பி வந்தவர்களில் பலருக்கு இன்னொரு கால் இடம்பெயர்ந்து இருந்த புத்தளத்தில்தான். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் அங்கே, உம்மா அங்கே, உடுப்புக் கடை அங்கே. நான் குறை சொல்லவில்லை, என் வீடும் அப்படித்தான். ஆனால் 20ஆம் நோன்பு வந்ததும் பஸ் நிறைந்து தெற்கே போகிறது, இங்கே ஸஃபில் பாதி காலி. 27ஆம் இரவுக்கு மட்டும் அங்கே பள்ளி வழிய நிற்கிறோம். லைலத்துல் கத்ரை ஒற்றை இரவுகளில் தேடச் சொன்னார்கள், 21இலும் 23இலும் இங்கே தேட யார் இருக்கிறார்கள்? உழுகிற நாளில் ஊர்வழி போனால் அறுக்கிற நாளில் ஆள் தேவையில்லை! பெருநாளுக்கு உடுப்பை முதல் பத்திலேயே வாங்கிவிடுங்கள், வாங்க முடியாதவர் இருந்தால் நிர்வாகத்திடம் சொல்லுங்கள். உம்மாவை இங்கே கூட்டி வாருங்கள்.

மூன்றாவது விஷயம், பெண்கள்... தலைவர் மணிக்கூட்டைக் காட்டுகிறார். ஷாஃபிஈயில் பெண்ணுக்கும் இஃதிகாஃப் பள்ளியில்தான், வீட்டு மூலையில் கூடாது. நபியவர்களுக்குப் பின் அவர்களுடைய மனைவியர் இஃதிகாஃப் இருந்தார்கள். நமக்கோ பெண்கள் பகுதிக்குத் தனிக் கழிவறைகூட இல்லை. அதை அடுத்த கூட்டத்தில் பேசுவோம், மாதர் சங்கத் தலைவி விட மாட்டார்.

இருக்க நினைப்பவர்கள் 18ஆம் நோன்புக்குள் மோதினாரிடம் பெயர் கொடுங்கள், எத்தனை பேருக்கு ஸஹர் சோறு என்று தெரிந்தால்தான் வீடுகளுக்குப் பங்கு பிரிக்கலாம். பாய், தலையணை, சொந்தக் கோப்பை கொண்டு வாருங்கள். ஃபோன் வேண்டுமானால் வைத்திருங்கள், வியாபாரம் பேசாதீர்கள். மாடு உள்ளவர்கள் கயிற்றை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாமு அலைக்கும்.