இரவு மூக்கடைப்பும் ஸ்பிரே பிடிக்கும் கையும்

வணக்கம். ஹட்டன் பக்கம் ஒரு பாமசியில் மருந்து கொடுப்பவள் நான். மழையும் பனியும் தொடங்கினால் "படுத்தாலே மூக்கு அடைக்குது மிஸ்" என்று வருகிறவர்கள் கூடிவிடுவார்கள். படுத்ததும் மூக்கின் உட்சவ்வில் இரத்தம் தேங்கி அது வீங்குகிறது, ஈரச் சுவரும் விறகுப் புகையும் கம்பளித் தூசியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவர், டொக்டர் எழுதிய ஸ்டெராய்டு ஸ்பிரேயை மூன்று நாளில் நிறுத்திவிட்டு வந்தார். அடைப்பும் போகவில்லை, மூக்கில் இரத்தமும் வருகிறதாம். அடித்துக் காட்டுங்கள் என்றேன். தலையை அண்ணாந்து, வலது கையால் வலது மூக்கில், நேராக நடுச்சுவரைப் பார்த்து அடித்து, 'சர்' என்று உறிஞ்சினார். இரத்தம் வந்தது அந்த நடுச்சுவரில் பட்டதால். உறிஞ்சிய மருந்தில் பாதி தொண்டைக்குப் போயிருக்கும்.

குப்பியைக் குலுக்கி, தலையைக் கொஞ்சம் முன்னால் குனிந்து, வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை. அப்படிப் பிடித்தால் நுனி தானாகவே வெளிப்பக்கம், காது இருக்கும் திசைக்குத் திரும்பும். பூ மணக்கிற மாதிரி மெதுவாக இழுத்தால் போதும், உடனே மூக்குச் சிந்தக் கூடாது. அப்புறம், இது அன்றைக்கே திறக்கும் மருந்து இல்லை. தினமும் அடித்தால்தான் வேலை செய்யும், முழுப் பலன் தெரிய இரண்டு வாரம்கூட ஆகலாம். உடனே திறக்கிற சைலோமெட்டாசொலின் சொட்டு வேறு சாதி. அதை ஐந்து நாளுக்கு மேல் இழுத்தால், நிறுத்தும்போதெல்லாம் முன்பைவிட மோசமாக அடைக்கும், பலர் மாதக்கணக்கில் மாட்டிக்கொள்வது அதில்தான்.

ஸ்பிரேக்கு முன்னால் உப்புத் தண்ணீரால் கழுவினால் சளி விலகி மருந்து சவ்வில் படும். ஆனால் பீலித் தண்ணீரை அப்படியே மூக்கில் விடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு வகை அமீபா குடித்தால் ஒன்றும் செய்யாது, மூக்கு வழியாக ஏறினால் மூளையைத் தாக்கும், அபூர்வம்தான், ஆனால் வந்தால் தப்புவது கடினம். நன்றாகக் கொதி வந்தபின் மூன்று நிமிடமாவது கொதிக்கவிட்டு, மூடி ஆறவைத்து, இளஞ்சூட்டில் 240 மில்லிலீட்டருக்கு அரைத் தேக்கரண்டி அயடின் சேர்க்காத உப்பும் ஒரு சிட்டிகை அப்பச்சோடாவும் போடுங்கள். எரிந்தால் பெரும்பாலும் உப்பின் அளவு சரியில்லை என்று அர்த்தம். குனிந்து தலையைச் சாய்த்து, வாயால் மூச்சு விட்டபடி மேல் மூக்கில் மெதுவாக ஊற்றினால் மறுபக்கம் வழியும். காது அடைத்தால் அழுத்தம் கூடிவிட்டது. படுக்கைக்கு ஒரு மணி நேரம் முன்பே செய்யுங்கள், இல்லையென்றால் தேங்கிய தண்ணீர் படுத்தபின் தொண்டையில் இறங்கும். பத்து நிமிடம் கழித்து ஸ்பிரே. மூக்கில் ஊற்றும் போத்தலைக் கழுவிக் காயவையுங்கள், வீட்டில் ஆளுக்கு ஒன்று.

காது வலியோ காதில் சீழோ இருந்தால் கழுவ வேண்டாம். கண்ணில் பிரஷர் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஸ்பிரேக்கு முன் டொக்டரிடம் சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் விடாமல் அடைத்து இரத்தமும் கலந்து வந்தால் ஸ்பிரேயை நம்பி இருக்காமல் காட்டிவிடுங்கள், சிறு பிள்ளைக்கு ஒரு மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால் உள்ளே ஏதாவது கொட்டையோ மணியோ சிக்கியிருக்கலாம்.