படத்தில் வந்த கணக்கு: வரிசைமாற்றமா, சேர்மானமா?

வணக்கம் நேயர்களே. உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கும் பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் கொஞ்சம் கிட்ட வரச் சொல்லுங்கள், கையில் ஒரு பென்சிலும் தாளும் இருக்கட்டும். கிளிநொச்சியிலிருந்தும் மல்லாவியிலிருந்தும் புதுக்குடியிருப்பிலிருந்தும் பிள்ளைகள் எனக்கு வட்ஸ்அப்பில் கணக்குகளைப் படமெடுத்து அனுப்புவார்கள். படத்துக்குக் கீழே பெரும்பாலும் ஒரே கேள்விதான் இருக்கும்: "சேர், இதுக்கு P போடுறதா, C போடுறதா?" P என்பது ஒழுங்கையும் சேர்த்து எண்ணும் வரிசைமாற்றம், C என்பது தெரிவை மட்டும் எண்ணும் சேர்மானம். இந்தக் கேள்வியைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்தேன்.

உங்கள் பரீட்சையையே எடுத்துக்கொள்வோம். இணைந்த கணித வினாத்தாளின் இரண்டாம் பகுதியில் 7 வினாக்கள் இருக்கும், 5 வினாக்களுக்கு விடை எழுதினால் போதும். எந்த ஐந்தை எடுப்பது என்பதற்கு எத்தனை வழி? 7C5, அதாவது 21. இப்போது அதே ஐந்தை எந்த ஒழுங்கில் எழுதுவீர்கள் என்பதையும் சேர்த்துக் கேட்டால் விடை 7P5, அதாவது 2520. வினாத்தாள் அதேதான், பிள்ளையும் அதே பிள்ளைதான், மாறியது கேள்வி மட்டும். ஆகவே "தெரிவு" என்ற சொல் கண்ணில் பட்டால் C, "ஒழுங்கு" என்ற சொல் பட்டால் P என்று பாடமாக்கி வைத்திருப்பவர்கள் அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். கணக்குக்குப் பொருந்தும் ஒரு விடையை நீங்களே தாளில் எழுதுங்கள், அதில் உள்ள இரண்டை இடம் மாற்றுங்கள், மாற்றிய பிறகு வந்ததை இந்த வினா புதிதாக எண்ணுமா, இல்லை முன்னதையே திரும்பச் சொன்னதாக எடுக்குமா என்று பாருங்கள். புதிது என்றால் ஒழுங்கு கணக்கில் வருகிறது, பழையதுதான் என்றால் வரவில்லை. ஒரு நிமிடம்கூட ஆகாது, ஆனாலும் இதைச் செய்யாமல் நேரே சூத்திரத்துக்குப் போகிறவர்கள்தான் அதிகம்.

சரி, ஒரு கணக்கைச் செய்வோம். VAVUNIYA என்று எங்கள் ஊர்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இந்த எழுத்துகளிலிருந்து 4 எழுத்துக் கோவைகள் எத்தனை ஆக்கலாம் என்பது கேள்வி. பொருள் இருக்கவேண்டும் என்றில்லை, எந்தக் கோவையும் சரி.

இப்படியொரு சொல் மங்கலான படத்தில் வந்தால் V உம் U உம் ஒன்றுபோலத் தெரியும். கையால் எழுதி, மேசை விளக்கின் கீழ் எடுத்த படமென்றால் சொல்லவே வேண்டாம். U ஐ V என்று வாசித்தால் V மூன்று ஆகிவிடும், அதோடு கணக்கு முழுவதும் போய்விடும். அதனால் சூத்திரம் தொடுவதற்கு முன்னர் எழுத்துகளை எத்தனை தடவை வருகிறது என்று பக்கத்தில் எழுதுங்கள்: V இரண்டு, A இரண்டு, U, N, I, Y ஒவ்வொன்று. கூட்டினால் 8. சொல்லில் எத்தனை எழுத்து என்று தனியாக எண்ணிப் பாருங்கள், அதுவும் 8 ஆக வரவேண்டும். இந்தக் கூட்டல் எழுத்தை விட்டுவிட்டதைக் காட்டும், U ஐ V என்று வாசித்ததைக் காட்டாது. அதற்குப் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கத்தான் வேண்டும்.

எட்டு எழுத்தையும் ஒழுங்குபடுத்தச் சொல்லியிருந்தால் வேலை சுலபம். 8! ஐ இரண்டு V க்காக 2! ஆலும் இரண்டு A க்காக 2! ஆலும் வகுக்க வேண்டும், 10080 வரும். ஆனால் எங்களிடம் கேட்டது நான்கு எழுத்து. இங்கேதான் நல்ல பிள்ளைகளும் வழுக்குகிறார்கள். 8P4 என்று போட்டு 1680 எடுத்து, எழுத்துகள் மீண்டும் வருகின்றனவே என்று அதையும் 2! × 2! ஆல் வகுத்து 420 என்று அனுப்புகிறார்கள். பார்வைக்கு அழகான விடைதான், ஆனால் பிழை.

ஏன் பிழை? நான்கால் வகுக்கலாம் என்றால், அந்த 1680 இல் ஒவ்வொரு கோவையும் சரியாக நான்கு தடவை எண்ணப்பட்டிருக்க வேண்டும். அப்படியா எண்ணப்பட்டிருக்கிறது? UNIY என்ற கோவையில் V உம் இல்லை, A உம் இல்லை, எனவே அது ஒரேயொரு தடவைதான் எண்ணப்பட்டது. UNIV என்பதில் இரண்டு V இல் எது வந்தாலும் ஒன்றுதான், எனவே அது இரண்டு தடவை. VAUN என்பது நான்கு தடவை. ஒன்று ஒரு தடவை, ஒன்று இரண்டு, ஒன்று நான்கு என்று கலந்து கிடக்கும் குவியலை ஒரே எண்ணால் எப்படி வகுப்பது? எல்லா எழுத்தையும் எடுத்தபோது இந்தக் கரைச்சல் இல்லை, ஏனென்றால் இரண்டு V உம் இரண்டு A உம் ஒவ்வொரு ஒழுங்கிலும் கட்டாயம் இருந்தன. அந்த வகுத்தல் எல்லா எழுத்தையும் எடுக்கும்போது மட்டும் செல்லும். சில எழுத்தை மட்டும் எடுக்கச் சொன்னால் வகைவகையாகப் பிரிப்பதைத் தவிர வேறு குறுக்குவழி தேடாதீர்கள்.

பிரிப்போம். முதலாவது வகை, நான்கும் வேறு வேறு எழுத்து. எங்களிடம் V, A, U, N, I, Y என்று 6 வகை எழுத்து உண்டு, அதில் நான்கைத் தெரிய 6C4, 15 வழி. அப்புறம் ஒவ்வொரு நான்கையும் 4! வழியில், அதாவது 24 வழியில் ஒழுங்குபடுத்தலாம். 15 × 24 = 360.

இரண்டாவது வகை, ஒரு சோடி ஒன்றாகவும் மற்ற இரண்டும் வேறு வேறாகவும் இருப்பது. சோடியாக VV வரலாம் அல்லது AA வரலாம், 2 வழி. VV வந்தால் மிச்ச ஐந்து வகை எழுத்தில் இரண்டைத் தெரிய 5C2, 10 வழி. அந்த ஐந்தில் A யும் ஒன்று, அதை விட்டுவிடாதீர்கள், VVAU என்பதும் இந்த வகைதான். ஆக 20 தெரிவு. ஒவ்வொன்றையும் ஒழுங்குபடுத்த 4! ÷ 2!, 12 வழி. 20 × 12 = 240.

மூன்றாவது வகை VVAA. தெரிவு ஒன்றே ஒன்று, ஒழுங்கு 4! ÷ (2! × 2!), அதாவது 6.

360, 240, 6 மூன்றையும் கூட்டினால் 606. தெரிவுகளை மட்டும் கேட்டிருந்தால் 15, 20, 1 ஆகியவற்றின் கூட்டுத்தொகை, 36. ஒரே கணக்குக்குள் C உம் இருக்கிறது, காரணியமும் இருக்கிறது, பார்த்தீர்களா? P யா C யா என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்பது இந்த இடத்தில் உதவாது. முதலில் எந்த எழுத்துகள் என்று தெரிகிறோம், அந்த வேலைக்கு C. பிறகு தெரிந்ததை வரிசைப்படுத்துகிறோம், அது தனி வேலை. கேள்வி முதல் வேலையோடு நிற்கிறதா, இரண்டையும் கேட்கிறதா என்பதைத்தான் படத்தில் தேடவேண்டும். படத்தின் கீழ்ப்பகுதி வெட்டுப்பட்டு "4 எழுத்துகளை" என்பதோடு நின்றுவிட்டால், 36 உம் விடையாகலாம், 606 உம் விடையாகலாம். அப்படி வந்தால் நான் கணக்கைச் செய்யமாட்டேன், முழுப் பக்கத்தையும் எடுத்து அனுப்பு தங்கச்சி என்று சொல்லிவிடுவேன்.

கதிரைக் கணக்குகளிலும் படம் இதே வேலையைச் செய்கிறது, அங்கே இன்னும் மோசம். ஒரு பாடசாலைப் பரிசளிப்பு விழா, முன்வரிசையில் 8 கதிரை, 5 மாணவர், 3 ஆசிரியர். நிபந்தனை: ஆசிரியர் எந்த இருவரும் அடுத்தடுத்து இருக்கக்கூடாது. இந்த நிபந்தனையில் இருக்கும் "எந்த இருவரும்" என்ற இரண்டு சொல்லும் படத்தில் விழாமல் போனால், பிள்ளை அதை மூவரும் ஒன்றாக இருக்கக்கூடாது என்று வாசித்துவிடும். அப்படி வாசித்தால் மூவரையும் ஒரு கட்டாகக் கட்டி 6! × 3! = 4320 எடுத்து, 8! ஆகிய 40320 இலிருந்து கழித்து, 36000 என்று விடை வரும். அந்த 36000 க்குள் இரண்டு ஆசிரியர் பக்கத்தில் பக்கத்தில் இருந்து மூன்றாமவர் மட்டும் தள்ளி இருக்கும் ஒழுங்குகள் எல்லாம் அடங்கிக் கிடக்கின்றன, கேட்ட கேள்வியோ அவற்றையும் விலக்கச் சொல்கிறது.

சரியான வழி, கட்டுப்பாடு இல்லாதவர்களை முதலில் இருத்துவது. மாணவர் ஐவரும் 5! வழியில், 120 வழியில் இருக்கட்டும். அவர்களுக்கு இடையில் நான்கு இடைவெளி, இரண்டு ஓரத்திலும் இரண்டு, மொத்தம் 6. ஓரங்களை மறந்து 4 என்று போடுகிறவர்கள் நிறையப்பேர். ஓர் இடைவெளிக்கு ஓர் ஆசிரியர்தான் போகலாம். ஆசிரியர்கள் வேறு வேறு ஆட்கள், இருவரை இடம் மாற்றினால் புது ஒழுங்கு, எனவே 6P3, அதாவது 6 × 5 × 4 = 120. இரண்டையும் பெருக்க 14400. சூத்திரத்தில் நம்பிக்கை வரவில்லை என்றால் இரண்டு மாணவர், இரண்டு ஆசிரியர் என்று சின்னதாக்கிப் பாருங்கள். சூத்திரம் 2! × 3P2 = 12 என்கிறது. கையால் எழுதினால் ஆசிரியர் இருக்கக்கூடிய இடங்கள் முதலும் மூன்றும், இரண்டும் நாலும், முதலும் நாலும் என்று மூன்றே வகை. ஒவ்வொன்றிலும் ஆசிரியரை 2 வழியிலும் மாணவரை 2 வழியிலும் மாற்றலாம், 3 × 4 = 12.

இப்போது இதே இடைவெளி முறையோடு VAVUNIYA க்குத் திரும்பப் போவோம். எட்டு எழுத்தையும் அடுக்க வேண்டும், இரண்டு V உம் ஒட்டி வரக்கூடாது. V இல்லாத ஆறு எழுத்தை முதலில் வையுங்கள். A இரண்டு இருப்பதால் 6! ÷ 2! = 360. இடைவெளி 7. ஆசிரியருக்கு 6P3 போட்டோமே, இங்கே 7P2 போடலாமா? இரண்டு V ஐயும் இடம் மாற்றிப் பாருங்கள், எதுவும் மாறவில்லை. ஆகவே இங்கே 7C2, அதாவது 21, பெருக்கினால் 7560. மறுபக்கத்தால் சரிபார்க்கலாம்: VV ஐ ஒட்டி ஒரே எழுத்தாக எடுத்தால் 7! ÷ 2! = 2520, மொத்தமான 10080 இலிருந்து அதைக் கழித்தாலும் 7560 தான் வருகிறது.