நாற்காலியிலிருந்து தெரிந்த வகுப்பறை

வணக்கம். இங்கே எம்.எட்., பிஎச்.டி. மாணவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். வகுப்பறையில் மாதக்கணக்கில் உட்கார்ந்து இனவரைவியல் முறையில் ஆய்வு செய்யப் போகிறவர்களுக்கு இரண்டு நோட்டுகள் வேண்டும். ஒன்று களக்குறிப்பு, இன்னொன்று ஆய்வு நாட்குறிப்பு. ஏன் இரண்டு என்பதை என் களக்குறிப்பிலிருந்து ஒரே ஒரு வரியை வைத்துச் சொல்கிறேன்.

ஒரு அரசுத் தொடக்கப் பள்ளி. ஐந்தாம் வகுப்பு, கணக்குப் பாடம். டீச்சர் பின்னம் நடத்திக்கொண்டிருந்தார். "முக்கால் பெருசா, அரை பெருசா?" என்று கேட்டார். வகுப்பே ஒரே குரலில் "முக்கால்!" என்றது. நான் கைநோட்டில் எழுதினேன்: "11.10. கடைசி வரிசைப் பெண் கவனிக்கவில்லை. சலிப்பு."

வகுப்பில் எழுதுவது இப்படித் துண்டு துண்டாகத்தான் இருக்கும். ஓரத்தில் நேரம், யார் எங்கே என்பது, காதில் விழுந்த பேச்சு அப்படியே மேற்கோள் குறிக்குள். அன்று இரவே அதை விரித்து எழுதிவிட வேண்டும். ஒரு மணி நேர வகுப்பை எழுத எனக்கு இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். தூங்கி எழுந்தால் சொன்ன சொல் மறந்துபோய்ச் சாரம் மட்டும் மிஞ்சும். சாரத்துக்கு மேற்கோள் குறி போட முடியாது.

அன்று இரவு அந்த வரியை விரிக்க உட்கார்ந்தேன். "கவனிக்கவில்லை" என்றால் நான் கண்ணால் பார்த்தது என்ன? தலை குனிந்திருந்தாள். கரும்பலகையைப் பார்க்கவில்லை. கூட்டாகச் சொன்ன பதிலில் அவள் வாய் அசையவில்லை. அவ்வளவுதான். "சலிப்பு" என்பதற்கு ஒரு சான்றும் என்னிடம் இல்லை. ஆகவே களக்குறிப்பில் பார்த்த மூன்றையும் எழுதினேன். "சலிப்பு" என்பதை நாட்குறிப்புக்கு மாற்றி, கீழே ஒரு கேள்வி போட்டேன்: எனக்கு ஏன் அப்படித் தோன்றியது?

பதில் இரண்டு வந்தது. நான் பதினோரு வருடம் டீச்சராக இருந்தவள். குனிந்த தலையைக் கண்டாலே பாடத்தில் மனசு இல்லை என்று படிக்கப் பழகியிருக்கிறேன். அதை நான் எதிர்பார்த்ததுதான். இரண்டாவதைத்தான் எதிர்பார்க்கவில்லை. நான் உட்கார்ந்திருந்தது டீச்சர் மேசைக்குப் பக்கத்தில், மரியாதைக்காகப் போட்டுக்கொடுத்த நாற்காலியில். அங்கிருந்து பார்த்தால் கடைசி வரிசையில் தலைகள் மட்டும்தான் தெரியும். கைகள் தெரியாது.

மறுநாள் டீச்சரிடம் கேட்டுக்கொண்டு பின்னால் போய்த் தரையில் உட்கார்ந்தேன். அந்தப் பெண் பெஞ்சின் மேல் நகத்தால் ஒரு கோடு இழுத்தாள். அதை நான்காகப் பிரித்தாள். மூன்று துண்டை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். மற்றவர்கள் பதில் சொல்லி முடித்து, டீச்சர் அடுத்த கணக்குக்குப் போன பிறகு, மெதுவாகத் தனக்குள் பதிலைச் சொல்லிக்கொண்டாள்.

இங்கே ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். முதல் நாளும் அவள் கணக்குத்தான் போட்டுக்கொண்டிருந்தாள் என்று எழுத எனக்கு உரிமை கிடையாது. அதை நான் பார்க்கவில்லை. கைநோட்டிலிருந்த பழைய வரியை அழிக்கவும் இல்லை. பக்கத்தில் தேதி போட்டு, "நாற்காலியிலிருந்து பார்த்தது, மறுநாள் குறிப்பைப் பார்க்க" என்று மட்டும் எழுதினேன். அழித்திருந்தால், நான் எப்படித் தவறினேன் என்பதற்கான தடயமும் போயிருக்கும்.

தனி நோட்டு ஏன் என்றால், களக்குறிப்பை டீச்சர் ஒரு நாள் கேட்கக்கூடும். என்னிடம் கேட்டார்கள். பார்த்ததும் கேட்டதும் மட்டும் இருந்ததால் கொடுக்க முடிந்தது. நாட்குறிப்பு வீட்டை விட்டு வெளியே வராது. என் எரிச்சல், என் அசதி, எந்தக் குழந்தை மேல் எனக்குப் பிரியம் என்பதெல்லாம் அதில் இருக்கும். இனவரைவியல் களப்பணியின் முன்னோடியான மலினோவ்ஸ்கியின் களநாட்குறிப்பு அவர் இறந்து 25 ஆண்டுகள் கழித்து, 1967இல் அச்சானது. கூடவே வாழ்ந்த மக்கள் மேல் அவருக்கிருந்த எரிச்சலை அதில் படித்து மானுடவியலாளர்கள் அதிர்ந்துபோனார்கள்.

ஆனால் நாட்குறிப்பு வெறும் சொந்தக் கதையாகிவிடும் ஆபத்தும் உண்டு. எனக்கும் சில வாரம் அப்படி ஆனது. பக்கம் பக்கமாக மனசைக் கொட்டியிருந்தேன், களத்தில் ஒன்றும் மாறவில்லை. அப்புறம் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு பதிவின் முடிவிலும், நாளைக்கு எங்கே உட்காரப் போகிறேன், யாரைப் பார்க்கப் போகிறேன் என்று ஒரு வரி. அது எழுத வரவில்லை என்றால், அன்றைய பதிவு என்னைப் பற்றியது மட்டும்தான் என்று தெரிந்துவிடும்.

சரி, அந்த ஒரு வரிக்கே வருகிறேன். தரையில் உட்கார்ந்த அன்று மாலை, முந்தைய ஒன்பது நாள் குறிப்புகளைத் திரும்ப எடுத்துப் படித்தேன். "கவனிக்கவில்லை" என்ற சொல் பதினான்கு இடத்தில் இருந்தது. அதில் பதினொன்று கடைசி இரண்டு வரிசைக் குழந்தைகளைப் பற்றியது. எல்லாமே நாற்காலியில் உட்கார்ந்து எழுதியவை. அந்தப் பதினான்கையும் பகுப்பாய்வில் சேர்க்கவில்லை. ஆய்வேட்டின் முறையியல் இயலில், நாற்காலி எங்கே இருந்தது என்று ஒரு படம் வரைந்து, அதற்குக் கீழே அவற்றை வரிசையாகக் கொடுத்திருக்கிறேன்.