பக்கத்துச் சேனலின் ஹிட் வீடியோவில் எதைப் பார்ப்பது?

வணக்கம். கொழும்புச் சாப்பாட்டுக் கடைகளைப் பற்றித் தமிழில் ஒரு யூடியூப் சேனல் நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதே மாதிரி இன்னொரு சேனலைத் திறந்து, Popular என்பதைத் தட்டி, மேலே நிற்கும் பத்து வீடியோவைப் பார்ப்பதுதான் பலருடைய ஆராய்ச்சி. ஆனால் அந்த வரிசை மொத்தப் பார்வைகளை வைத்து அமைகிறது. நாலு வருடப் பழைய வீடியோ மேலே இருக்கும், போன மாதம் சக்கைபோடு போட்டது கீழே கிடக்கும்.

[திரையில்: ஒரு ஷீட். தலைப்பு, நீளம், வகை, பார்வை]

ஆகவே Latest பக்கம் வாருங்கள். கடைசி ஒரு மாதத்தை விடுங்கள், அவற்றின் பார்வை இன்னும் ஏறிக்கொண்டிருக்கும். அதற்கு முந்தைய 20ஐ ஷீட்டில் போட்டு, பார்வைப்படி அடுக்குங்கள். நடுவில் நிற்பது 4,000 என்போம். அதுதான் அந்தச் சேனலின் வழக்கம். 12,000ஐத் தாண்டியதற்குப் பச்சை, 2,000ஐத் தொடாததற்குச் சிவப்பு. மூன்று மடங்கு என்பது என் கைக்கணக்கு, சட்டம் இல்லை.

சரி, முதலில் சிவப்பைப் படியுங்கள். யாரும் செய்யாத வேலை இது. பச்சை நாலின் தலைப்பிலும் விலை இருக்கிறது, 'அட, விலைதான் இழுக்கிறது' என்று தோன்றும். சிவப்பைப் பார்த்தால் அங்கேயும் விலை! அப்படியானால் அது அந்தச் சேனலின் பழக்கம், வெற்றிக்குக் காரணமில்லை. பச்சையில் மட்டும் இருப்பது வேறு: ஒரே கடை, ஒரே சாப்பாடு, ஒரு நேரம். சிவப்பில் எல்லாம் 'பார்க்க வேண்டிய 5 கடைகள்'. நீளமும் அப்படித்தான். பச்சை 8 முதல் 11 நிமிடம், சிவப்பும் அதேதான் என்றால் நீளத்தை விட்டுவிடுங்கள்.

இன்னும் இரண்டு சேனல்களில் இதே வித்தியாசம் தெரிந்தால்தான் அதை நம்பலாம்.

[திரையில்: இரண்டு தலைப்புகள்]

'இரவு 11 மணிக்கும் கியூ நிற்கும் வெள்ளவத்தைக் கொத்து' என்பது அவர்களுடையது என்போம். சொற்களைக் கழற்றினால் மிஞ்சுவது: எதிர்பாராத நேரம், கூட்டம், இடம், ஒரு சாப்பாடு. நீங்கள் புறக்கோட்டைக்குப் போய் 'விடியற்காலை 5 மணிக்கே தீர்ந்துபோகும் புறக்கோட்டை இடியப்பம்' எடுக்கலாம், அது உண்மையிலேயே தீர்ந்துபோனால். அதே கொத்துக் கடைக்குப் போய் 11ஐ 12 ஆக்கினால் அது காப்பி.

தமிழில் எழுதுபவர்களுக்கு ஒன்று. 'கொழும்பு' நம் கண்ணுக்கு நாலு எழுத்து. எழுத்தோடு ஒட்டும் உயிர்க்குறியும் புள்ளியும் தனியாக எண்ணப்படுவதால் கணினிக்கு எட்டு. தலைப்புக்கு உள்ள 100 எழுத்து எல்லை சீக்கிரம் நிரம்பும். போனில் அதற்கும் முன்பே வெட்டுப்படும். எனவே இழுக்கும் சொல் முன்னால் வரட்டும்.

போட்ட பிறகு Studioவில் இரண்டைப் பாருங்கள். காட்டப்பட்டும் கிளிக் குறைவென்றால் தலைப்போ தம்ப்னெயிலோ பிசகு. கிளிக் வந்து முதல் 30 விநாடியில் ஆட்கள் கழன்றால், தலைப்பு சொன்ன இடியப்பத்தை இன்னும் காட்டவில்லை என்று அர்த்தம்.