பில்லில் கம்பெனி பெயர் தப்பா? ஆறாவது எழுத்தைப் பாருங்கள்!

வணக்கம் நண்பர்களே! ஒரு லட்சம் ரூபாய்க்குச் சரக்கு, 18 சதவீதம் ஜிஎஸ்டி. பில்லில் உங்கள் கம்பெனி பெயருக்குப் பின்னால் வரவேண்டிய ‘பிரைவேட் லிமிடெட்’ மட்டும் இல்லை. நீங்கள் கட்டும் ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ள வேண்டிய அந்த 18,000 ரூபாய் வரிக்கடன் கிடைக்குமா, போய்விடுமா?

சப்ளையருக்கு போன் போடும் முன் பெயருக்குக் கீழே இருக்கும் ஜிஎஸ்டி நம்பரைப் பாருங்கள். மொத்தம் 15 இடம். முதல் இரண்டு மாநிலம், தமிழ்நாடு என்றால் 33. அடுத்த பத்தும் உங்கள் பான் நம்பர். மீதியை விடுங்கள்.

(திரையில்: ஆறாவது எழுத்தைச் சுற்றி சிவப்பு வட்டம்)

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். ஆறாவது எழுத்து P என்றால் அது தனிநபரின் பான். C என்றால் கம்பெனி. முதலாளி தன் பெயரில் நடத்திய கடையை பிரைவேட் லிமிடெட் ஆக்கினால் பானும் மாறும், ஜிஎஸ்டி நம்பரும் மாறும். ஆனால் சப்ளையரின் டாலியில் பழைய லெட்ஜர் அப்படியே தூங்கிக்கொண்டிருக்கும்!

ஆக, பில்லில் C இருந்து, நம்பர் முழுக்க உங்களுடையதாக இருந்தால் பதற வேண்டாம். கதவு எண் சரியாக இருந்தால் பெயரில் பிழை இருந்தாலும் தபால் வந்துவிடும் இல்லையா, அப்படித்தான். ஜிஎஸ்டி போர்ட்டல் மாதாமாதம் காட்டும் வரிக்கடன் பட்டியலான உங்கள் 2பி-யில் அது வந்துவிடும். திருத்திய பில்லை நிதானமாகக் கேட்கலாம்.

P இருக்கிறதா? அப்போது ஓடுங்கள். 18,000 ரூபாய் முதலாளியின் பழைய கணக்கில் போய் உட்காரும். அதைக் கம்பெனி எடுக்க முடியாது.

மெயில் இப்படிப் போகட்டும்:

“வணக்கம் சார். உங்கள் பில் எங்கள் பழைய ஜிஎஸ்டி நம்பருக்குப் போடப்பட்டுள்ளது. புதிய பதிவுச் சான்றிதழை இணைத்துள்ளேன். பழைய நம்பருக்கு கிரெடிட் நோட் போட்டு, புதிய நம்பருக்கு வேறு பில் எண்ணில் பில் அனுப்பவும். லெட்ஜரையும் மாற்றிவிடுங்கள் சார்.”

கடைசி வரியை விட்டுவிட்டால் அடுத்த மாதமும் இதே மெயில்தான்!

சப்ளையர் இ-இன்வாய்ஸ் போடுபவர் என்றால் உடனே சொல்லுங்கள், பில் போட்ட 24 மணி நேரத்துக்குள் இ-இன்வாய்ஸ் போர்ட்டலிலேயே ரத்து செய்துவிடலாம். ரத்தான பில் எண்ணைத் திரும்பப் பயன்படுத்த முடியாது. நேரம் தாண்டினால் கிரெடிட் நோட் போடச் சொல்லுங்கள்.

“பிடிஎஃப்-ல் பேரை மாத்தி அனுப்பிட்டேன் தம்பி” என்பார் சிலர். காகிதம்தான் மாறியது, போர்ட்டல் மாறவில்லை. மாதாமாதம் கணக்குக் காட்டும் சப்ளையர் 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 போடுவார். உங்கள் 2பி 14ஆம் தேதி வரும். அதில் புது பில் எண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு பேமெண்ட்டுக்குக் கையெழுத்து வாங்குங்கள். பிடிஎஃப்-ல் பெயர் மாற்றி அனுப்பும் சப்ளையர் உங்களுக்கும் உண்டா? கமெண்ட்டில் கொட்டுங்கள், பெயர் மட்டும் வேண்டாம்!