இறக்குமதி ஓவன் டயலில் 350 டிகிரி எங்கே?

[திரையில்: ஓவன் டயல்கள் இரண்டின் புகைப்படம்]

இது பிரிட்டனிலிருந்து வந்த மின்சார ஓவன். இடது டயலில் குறியீடுகள், வலது டயலில் எண்கள். எண்களில் கடைசியாக இருப்பதை முதலில் பாருங்கள். 250 வாக்கில் முடிந்தால் செல்சியஸ். 500, 550 என்று போனால் ஃபாரன்ஹீட். 1 முதல் 9 வரை மட்டும் இருந்தால் கேஸ் மார்க், அதாவது பிரிட்டிஷ் கேஸ் ஓவன்களின் சூட்டு அளவு. இது 250-இல் முடிகிறது, ஆக செல்சியஸ்.

நம்மிடம் இருப்பது அமெரிக்க கேக் குறிப்பு: 350 டிகிரி ஃபாரன்ஹீட்.

[திரையில்: (350 − 32) × 5 ÷ 9 = 176.7]

டயலில் அவ்வளவு நுணுக்கமாக வைக்க முடியாது. 180 என்று வையுங்கள். பிரிட்டிஷ் குறிப்பில் இதே சூடு "கேஸ் மார்க் 4" என்று இருக்கும். அதிலிருந்து ஒவ்வொரு எண் ஏறும்போதும் 25 ஃபாரன்ஹீட் கூடும். மார்க் 6 என்றால் 400 ஃபாரன்ஹீட், ஏறத்தாழ 200 செல்சியஸ்.

[திரையில்: இடது டயல், நெருக்கமாக]

இப்போது குறியீடுகள். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு இருந்தால் மேல், கீழ் எலிமென்ட் இரண்டும் சூடாகும். நாம் கணக்குப் போட்ட 180 இதற்குத்தான். வட்டத்துக்குள் ஃபேன் இருந்தால், பின்னால் ஃபேனைச் சுற்றியுள்ள வளைய எலிமென்ட் சூடாகி, ஃபேன் அந்தக் காற்றைச் சுழற்றும். வீசும் காற்று கேக்குக்குச் சூட்டை வேகமாகக் கொடுப்பதால் 20 டிகிரி குறைத்து 160-இல் வையுங்கள். குறைக்காமல் விட்டால் ஓரம் சீக்கிரம் இறுகிவிடும், நடுவில் மாவு தொடர்ந்து உப்பி மேல்புறம் வெடிக்கும். குறிப்பிலேயே "ஃபேன் 160" என்று போட்டிருந்தால் மறுபடி குறைக்காதீர்கள். 140-இல் கேக் நெடுநேரம் இருந்து காய்ந்துபோகும்.

பலரும் ஏமாறுவது அடுத்த குறியீட்டில். வட்டமோ கோடோ இல்லாமல் ஃபேன் மட்டும் தனியாக இருந்தால், பல ஓவன்களில் அது உறைந்த உணவை இளக்குவதற்கு. ஃபேன் ஓடும், விளக்கு எரியும், சூடு மட்டும் வராது. சந்தேகம் இருந்தால் காலி ஓவனை அந்தக் குறியீட்டில் 10 நிமிடம் ஓடவிட்டுக் கதவைத் திறந்து பாருங்கள். அனல் அடிக்கவில்லையென்றால் அது பேக்கிங்குக்கு இல்லை. மேலே வளைந்து நெளிந்த கோடு கிரில். கேக்கை அதில் வைத்தால் மேலே கருகும், உள்ளே மாவாகவே இருக்கும்.

[திரையில்: நடுத்தட்டில் ஓவன் தெர்மாமீட்டர்]

பழைய டயல் காட்டும் எண்ணும் உள்ளே இருக்கும் சூடும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. இரண்டு கோடு குறியீட்டில் 180 வைத்து, அரை மணி நேரம் விடுங்கள். சூட்டு விளக்கு அணைந்து எரியும்போதெல்லாம் தெர்மாமீட்டர் ஏறி இறங்கும், அதனால் ஒரு தடவை பார்த்து முடிவு செய்யாமல் நாலைந்து தடவை குறித்துச் சராசரி எடுங்கள். சராசரி 170 என்றால் இந்த ஓவனில் 180 வேண்டும்போது டயலை 190-இல் வையுங்கள்.